“சரிம்மா” என்று பதில் வராத ஒரு பாட்டு

என் மகள் சென்னையில் கல்லூரியில் சேர்வதற்குச் சரியாகப் பத்தொன்பது நாட்கள் இருந்தபோது, அவள் கிளம்பும் நாளில் பாடுவதற்கென்று ஒரு பாட்டு எழுதத் தொடங்கினேன். நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். யாப்பு எனக்குத் தெரியும். பாடத் தெரிந்த அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். ஆகவே இரண்டு மாலைகளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அது பதினேழு நாட்களை எடுத்துக்கொண்டது. அதில் பெரும்பகுதி எழுதுவதற்கு அன்று, எழுதியதைப் பழுதுபார்ப்பதற்கே செலவானது. அந்தப் பழுதுபார்ப்பைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் படி ஒரே இரவில் வந்துவிட்டது. ஒரு பல்லவி, நான்கு சரணம், மொத்தம் இருபது வரிகள். என் அம்மா எங்களுக்குப் பாடிய தாலாட்டின் மெட்டிலேயே எழுதினேன். அதிலிருந்து ஒரு சரணம் இது:

நேரத்துக்கு உண்ண வேண்டும் – மகளே
நெஞ்சத்தில் துணிவு வேண்டும்
காலத்தை வீணாக்காதே – மகளே
கண்டவரை நம்பாதே

மோனை இருக்கிறது, இயைபு இருக்கிறது, மெட்டிலும் உட்காருகிறது. மறுநாள் அடுக்களையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த மகள் நின்று கேட்டுவிட்டு, “அம்மா, இது பிரேயர்ல நீ பேசுற மாதிரியே இருக்கு” என்று சொல்லிப் போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு உறைத்தது.

அன்றிரவு விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து, பாட்டில் உள்ள ஏவல் வினைகளை மட்டும் அடிக்கோடிட்டேன். “உண்”, “கேள்”, “நில்” போன்ற நேர் ஏவல்கள். “வீணாக்காதே”, “நம்பாதே” போன்ற எதிர்மறை ஏவல்கள். ஏவல் இல்லை என்று நடித்தபடி அதே வேலையைச் செய்யும் “வேண்டும்”, “கூடாது”. வாழ்த்துப்போல வரும் வியங்கோள் வினைகள். இருபது வரிகளில் பதினேழு கோடுகள் விழுந்தன. கோடு விழாத மூன்று வரிகளும் பல்லவியில் என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டவை.

இது ஏன் இப்படி ஆனது என்று யோசித்தபோது ஒன்று புரிந்தது. குற்றம் என் தாய்மனத்தில் மட்டும் இல்லை, மெட்டிலும் இருந்தது. அதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நான் செய்த திருத்தங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

அந்தத் தாலாட்டு மூன்று எண்ணிக்கையில் நடக்கிறது; “தகிட, தகிட” என்று சொல்லிக்கொண்டே தொடையில் தட்டினால் பிடிபடும். ஒரு வரிக்கு நான்கு தகிட. முதல் வரியில் மூன்று தகிடவைச் சொற்கள் நிரப்பும். நான்காவதில் “கண்ணே” என்ற தனிச்சொல் வந்து உட்காரும். இரண்டாவது வரியில் அந்தத் தனிச்சொல் இல்லை. ஆகவே நான்காவது தகிட காலியாக இருக்கும். அதை முந்தைய சொல்லின் கடைசி எழுத்தை நீட்டித்தான் நிரப்ப வேண்டும். அதாவது, இரண்டாம் வரியும் நான்காம் வரியும் நீட்டத்தக்க ஒலியில் முடிந்தே ஆக வேண்டும்.

தமிழில் நேர் ஏவல்கள் பெரும்பாலும் நீளாதவை. “சாப்பிடு”, “உறங்கு” என்பவற்றின் இறுதியில் இருப்பது குற்றியலுகரம். அரை மாத்திரைக்குமேல் அதற்கு உயிர் இல்லை. அதை மூன்று எண்ணிக்கைக்கு இழுத்தால் “சாப்பிடூ” என்று கேட்கும், கேட்பவர்கள் சிரிப்பார்கள். “நில்”, “கேள்” என்பவை மெய்யில் முடிந்து வாயை அடைத்துவிடும். ஆனால் எதிர்மறை ஏவல் அப்படி அன்று. “போகாதே”, “பேசாதே”, “மறக்காதே” எல்லாமே நெடிலில் முடிந்து, நீட்ட நீட்ட இனிக்கின்றன. வரியின் கடைசியில் நெடில் தேடி அலையும் கைக்கு அவை தாமாக வந்து அகப்படுகின்றன. என் முதல் படியில் “-ஆதே” என்று முடிந்த வரிகள் மட்டும் ஆறு இருந்தன. மெட்டு கேட்டது ஒரு நெடிலை. நான் கொடுத்தது ஒரு தடையுத்தரவை.

நெடிலில் முடியும் வேறு உருவம் தமிழில் இல்லையா என்றால், கண்முன்னே இருந்தது. ஆ, ஏ, ஓ என்னும் வினா எழுத்துகள் மூன்றும் நெடில்கள். “வந்தாயா”, “வருவாரோ”, “போதாதோ” ஆகிய எல்லாம் “-ஆதே”யைப் போலவே நீள்கின்றன. தாலாட்டு இதை என்றோ கண்டுபிடித்துவிட்டது. “ஆரடித்து நீ அழுதாய்” என்று தொடங்கி, மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடித்தாளோ அல்லிப்பூச் செண்டாலே என்று அது கேட்டுக்கொண்டே போகிறது. குழந்தையை அதட்டி உறங்க வைக்கும் பாட்டு அன்று அது. கேள்வி கேட்டுக்கேட்டுக் களைக்க வைக்கும் பாட்டு. ஐந்து வயதுவரை இந்தக் கேள்விகளைப் பாடிய அதே வாய், பதினெட்டு வயதில் “-ஆதே”க்கு மாறுவானேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் படியில் ஏவல்களை எல்லாம் கேள்விகளாக மாற்றினேன். அதுவும் பழுதானது. “நேரத்துக்குச் சாப்பிடுவாயோ, நேர்வழியில் நடப்பாயோ” என்று எழுதியிருந்தேன். இலக்கணப்படி வினா, பொருளில் அதே கட்டளை. அக்கா அதைக் கேட்டுவிட்டு, “இது கேள்வி இல்லடீ, வாக்குமூலம் வாங்குறது” என்றாள்.

அப்போது நான் வைத்துக்கொண்ட சோதனை எளியது. இன்றுவரை எனக்குப் பயன்படுகிறது. ஒவ்வோர் இரண்டு வரியையும் பாடி முடித்துவிட்டு, மகள் என்ன பதில் சொல்வாள் என்று அவள் குரலிலேயே கற்பனை செய்தேன். “சரிம்மா” என்பது பொருந்திவிட்டால் அந்த வரி உபதேசம். வேறு ஏதாவது ஒரு சேதியையோ, மறுப்பையோ, சிரிப்பையோ அவள் சொல்லியாக வேண்டியிருந்தால் அந்த வரி பேச்சு. “நேரத்துக்குச் சாப்பிடுவாயோ” என்பதற்கு “சரிம்மா” அச்சாகப் பொருந்தியது. இரண்டாம் படி முழுவதும் இப்படியே விழுந்தது.

இந்த இடத்தில் நான்கு நாட்கள் எழுதாமல் இருந்தேன். பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஏதோ சொல்லப்போய், நற்றிணையின் 110ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. போதனார் பாடியது, பாலைத் திணை. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஒரு கையில் ஏந்தி, மறுகையில் சிறுகோலை ஓங்கிக்கொண்டு, செவிலியர் அந்தச் சிறுமியைத் துரத்துகிறார்கள். சிலம்பு ஒலிக்கப் பந்தலைச் சுற்றி ஓடி அவர்களைக் களைக்க வைக்கிறாள் அவள். அப்படிப்பட்டவள் மணமாகிப் போன வீட்டில் வறுமை வந்தபோது, தந்தை வீட்டுச் சோற்றை நினைக்காமல், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கிறாள். இந்த அறிவும் ஒழுக்கமும் எப்படி வந்தன என்று தாய் வியக்கிறாள். எத்தனையோ முறை கற்பித்த பாட்டுதான். ஆனால் இந்தத் தடவைதான் அதில் அந்தப் பெண்ணிடம் சொல்லப்படும் ஒரே ஏவல் “உண்” என்பதைக் கவனித்தேன். அந்த ஏவலுக்கு அவள் கீழ்ப்படியவும் இல்லை. பாட்டில் மனத்தில் நிற்பவை எல்லாம் கிண்ணம், கோல், சிலம்பு, பந்தல் ஆகிய பொருட்கள்.

ஆகவே மூன்றாம் படிக்கு வேறு வழியில் இறங்கினேன். சொல்ல நினைத்த அறிவுரைகளை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நேரே வலப்பக்கத்தில், அவள் பெட்டியிலோ எங்கள் வீட்டிலோ உண்மையாகவே இருக்கும் ஒரு பொருளை எழுதினேன். பொருள் கிடைக்காத அறிவுரையைப் பாட்டில் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். “தனியாக ஒதுங்கிச் சாப்பிடாதே, தோழிகளைச் சேர்த்துக்கொள்” என்பதற்கு நேரே எள்ளுப்பொடி வந்தது. அன்றைக்குத்தான் அதை இடித்திருந்தேன். “எந்த நேரமானாலும் கூப்பிடு” என்பதற்கு என் கைப்பேசி. “முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மனம் உடையாதே” என்பதற்கு வெகுநேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை தோசைக்கல்லின் முன் நின்றபோது கிடைத்தது. “வீட்டை மறக்காதே” என்பதற்கு வந்த பொருளால் ஒரு சிக்கல் எழுந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இடப்பக்கத்தில் இருந்தும் வலப்பக்கம் நிரம்பாத அறிவுரைகள் பல. ஆண் நண்பர்கள், பணம், தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு, மாத்திரை, விடுதிக் கதவு அடைக்கும் நேரம். இவற்றைப் பாட்டுக்குள் கொண்டுவர முயன்றபோதெல்லாம் பாட்டு கெட்டது, சொல்ல வந்த செய்தியும் மங்கியது. வங்கி அட்டையின் இரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை மல்லிகைப்பூச் செண்டால் அடித்தா சொல்ல முடியும்? அவற்றை உரைநடையில் ஏவல் வினைகளோடு பதினோரு வரிகளாக ஒரு தாளில் எழுதி, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டேன். பாட்டு மென்மையாக இருக்க வேண்டுமானால், கறாராகச் சொல்ல வேண்டியதற்கு வேறோர் இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆண் நண்பர்களைப் பற்றி மட்டும் அந்தத் தாளிலும் எழுதவில்லை. ஒரு மாலை துணி மடித்துக்கொண்டே நேரில் பேசினோம்.

மூன்றாம் படியின் பல்லவி இது:

வண்டி வர நேரமுண்டோ – கண்ணே
வாசலிலே நிற்போமோ

“மகளே” என்பது “கண்ணே” ஆனதற்கும் காரணம் உண்டு. “மகளே” நிரையசையில் தொடங்குகிறது, புளிமா. தகிடவின் முதல் தட்டு விழும் இடத்தில் இரண்டு குறில்கள் அவசரமாக ஓடி, அழுத்தம் “ளே”க்குப் போய்விடுகிறது. “கண்ணே” தேமா, முதல் தட்டில் “கண்” என்று ஊன்றி நிற்கிறது. பிறகு “ணே”யில் மூச்சு விட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, எங்கள் வீட்டில் “மகளே” என்று யாராவது தொடங்கினால் அடுத்து வருவது புத்திமதிதான் என்று குழந்தைகளுக்குத் தெரியும்.

முதல் சரணம் அதிகம் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

எள்ளுப்பொடி ஒருசீசா – கண்ணே
எண்ணெயொரு சிறுசீசா
தோழியர்க்கும் சேர்த்திடித்தேன் – கண்ணே
தொட்டுக்கொள்ள யார்வருவாரோ

இதற்கு “சரிம்மா” என்று யாரும் பதில் சொல்ல முடியாது. யார் வருவார் என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. உண்மையாகவே பதில் தெரியாத கேள்வி என்பதால்தான் அது கேள்வியாக நிற்கிறது. இதை எழுதிய பிறகுதான் எள்ளுப்பொடியை இன்னும் அரைப்படி கூடுதலாக இடித்தேன். பாட்டில் “சேர்த்திடித்தேன்” என்று வந்துவிட்டதே.

இரண்டாம் சரணத்தில் மோனையோடு போராடினேன். “தலைமாட்டில் போனிருக்கும்” என்பது முதல் வரி. அடுத்த வரியும் தகரத்தில் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் “தாமதமாய்”, “தயங்காமல்” என்று எதையெதையோ வைத்துப் பார்த்தேன். “தயங்காமல்” வந்தவுடனே பின்னால் “அழைப்பாயே” ஒட்டிக்கொண்டது. மறுபடியும் ஏவலின் வாடை. தகரத்துக்குச் சகரம் இன மோனை ஆகும் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, அது நினைவுக்கு வர ஒரு நாள் ஆனது.

தலைமாட்டில் போனிருக்கும் – கண்ணே
சாமமானால் ஆகட்டுமே
ஒன்றுமேநீ பேசாட்டியும் – கண்ணே
ஒருநாழி கேட்டிருப்பேன்

இதில் கேள்வியே இல்லை. அழைப்பதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் சொல்லாமல், அழைப்பு வந்தால் நான் என்ன செய்வேன் என்பதை மட்டும் சொல்கிறது. கேள்வியைவிட இந்தத் தன்மை வினை நன்றாக வேலை செய்வதாக எனக்குத் தோன்றுகிறது. “கேட்டிருப்பேன்” மெய்யில் முடிந்தாலும் அது னகரம் ஆகையால், வாயை மூடி மூக்கில் முனகி மூன்று எண்ணிக்கையைக் கடந்துவிடலாம். டகரமோ ககரமோ அங்கே இருந்தால் அது நடக்காது.

மூன்றாம் சரணம் தோசை.

கல்லில்முதல் தோசையெல்லாம் – கண்ணே
கந்தலாகிப் போனதுண்டே
பிய்ந்ததுதான் ருசியென்று – கண்ணே
பிள்ளையிலே சொன்னதாரோ

தேர்வு, மதிப்பெண், தோல்வி என்ற சொல் எதுவும் இதில் இல்லை. அவள் அந்தத் தொடர்பைக் கண்டுகொள்ளாமல் போனாலும் கவலை இல்லை என்று முடிவு செய்தேன். கண்டுகொள்ள வைக்கவேண்டும் என்று முன்னர் ஒரு வரி சேர்த்திருந்தேன்: “கல்வியிலும் அதுபோலே”. அந்த ஒரு வரி முழுச் சரணத்தையும் கரும்பலகைக்கு இழுத்துக்கொண்டு போனது. அடித்தேன். இந்த வகைப் பாட்டில் உவமையைச் சொல்லலாம், உவமேயத்தைச் சொன்னால் கெட்டது.

நான்காம் சரணம்தான் சிக்கலானது. என் முதல் எண்ணம் “நீயில்லாத வீட்டினிலே” என்று தொடங்கி, துளசிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார், திண்ணையில் யார் படிப்பார் என்று கேட்டுக்கொண்டு போனது. ஏவல் ஒன்றுகூட இல்லை. “சரிம்மா” சோதனையிலும் தேறியது. பாடிக் காட்டியபோது அக்காவின் முகம் இறுகிவிட்டது. “இது ஒப்பாரிடீ” என்றாள். அப்போதுதான் தெரிந்தது, கட்டளையை விடக் கனமான ஒரு சுமையை நான் அவள் தலையில் ஏற்றியிருந்தேன் என்பது. உபதேசத்துக்குச் “சரிம்மா” என்று சொல்லி நழுவிவிடலாம். இதற்கு எதுவுமே சொல்ல முடியாது, அழத்தான் முடியும். ஆகவே என் சோதனையில் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்: வரியைக் கேட்டபின் அவளால் ஒரு வார்த்தையாவது பேச முடிய வேண்டும்.

மாற்றாகக் கோலத்தை வைத்தேன். முற்றத்துக் கோலத்தில் நாலு புள்ளி விட்டுவைத்திருக்கிறேன், விடுமுறைக்கு வந்தால் சேர்ப்பாயோ என்று வந்தது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் அம்மா கேட்டதும், “கோலத்தைப் பாதியில விடுவாளா ஒருத்தி, அதுவும் பிள்ளை கிளம்புற அன்னைக்கு?” என்று கடிந்துகொண்டார். கவிதை என்றேன், கவிதையிலும் கூடாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பேத்தி அதைக் கேட்கும்போது முதலில் நினைவுக்கு வரப்போவது ஆச்சியின் இந்தச் சொல்தானே? பாட்டில் வரும் பொருளுக்கு அந்த வீட்டில் ஏற்கெனவே என்ன பொருள் இருக்கிறதோ அதை மீறி நாம் புதுப்பொருள் ஏற்ற முடியாது. பாதியில் விடலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. அம்மாவே வழி காட்டினார். தம் பேத்தியோடு மின்தடை நேரங்களில் ஆடும் பல்லாங்குழியைக் கையால் சுட்டினார்.

பல்லாங்குழி ஆட்டமொன்று – கண்ணே
பாதியிலே நிற்கிறதே
உன்முறைதான் அடுத்ததென்று – கண்ணே
ஓரமாக வைத்தேனே

ஆனால் எங்கள் பலகை நடுவில் மடங்குவது. மூடினால் பதினான்கு குழிகளின் சோழியும் ஒன்றாகக் கலந்துவிடும். பாட்டில் பொய் இருக்கக் கூடாது என்று, மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் அவளும் அம்மாவும் ஓர் ஆட்டத்தை உண்மையாகவே பாதிவரை ஆடினார்கள். ஒவ்வொரு குழியிலும் எத்தனை சோழி நிற்கிறது என்று ஒரு தாளில் படம் போட்டுக் குறித்து, பலகையோடு மடித்து வைத்தோம். நாங்கள் குழிக்கு ஐந்து வீதம் எழுபது சோழி வைத்து ஆடுவோம். குறித்த எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தபோது அறுபத்தெட்டுதான் வந்தது. மீதி இரண்டும் பாயின் அடியில் கிடந்தன.

சொற்கள் முடிந்தபின் பாடுவதில் இரண்டு பழுதுகள் இருந்தன. ஒன்று வேகம். அம்மாவின் தாலாட்டு நீலாம்பரியின் சாயலில் இழைவது என்று அக்கா சொல்வாள். தொட்டிலுக்கு ஏற்ற அந்த நிதானத்தில் பாடினால் தோசைச் சரணம்கூடத் துக்கமாகக் கேட்டது. கைப்பேசியில் தாளக்கருவி ஒன்றை ஓடவிட்டு அளந்தபோது நிமிடத்துக்கு ஐம்பது தட்டுகள் அளவில் இருந்தது. எழுபதுக்குக் கொண்டுபோனோம். தொட்டில் ஊஞ்சலானதுபோல் இருந்தது. சொற்களில் இருந்த கேலி அப்போதுதான் வெளியே வந்தது. எண்பதில் கும்மியாகிவிட்டது, கை தட்டத் தோன்றியது. எழுபதிலேயே நிறுத்திக்கொண்டோம்.

மற்றொன்று சுருதி. அக்காவின் ஆர்மோனியத்தில் வழக்கமாக நான் பாடும் ஐந்து கட்டையில் தொடங்கினோம். சாதாரண நாளில் மேல் சட்ஜம் எனக்குத் தடையில்லாமல் எட்டும். ஆனால் அந்த உச்சம் “கேட்டிருப்பேன்” என்ற இடத்தில் வந்து விழுந்தது. அந்தச் சொல்லில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. அழுகை வரும்போது குரல்வளை இறுகி மேலேறுகிறது. உயர்ந்த சுரம் அப்போது உடைவது இயல்பு. பயிற்சியால் இதைக் கடக்கலாம் என்று இரண்டு நாள் முயன்றேன், முடியவில்லை. பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தோம். சுருதியை நான்கு கட்டைக்கு இறக்கினோம். உச்சத்தையும் அந்தச் சொல்லிலிருந்து எடுத்து, “சாமமானால்” என்ற சற்று அலட்சியமான சொல்லில் வைத்தோம். “கேட்டிருப்பேன்” பஞ்சமத்திலிருந்து கீழே இறங்கி முடிகிறது. கனமான சொல்லைத் தாழ்ந்த சுரத்தில் வைத்தபோது, உடைய வேண்டிய அவசியமே குரலுக்கு இல்லாமல் போனது.

சங்கரன்கோவில் நிலையத்தில் பொதிகை விரைவுவண்டி நிற்கும் சில நிமிடங்களில் பாட முடியாது என்பது தெரிந்ததே. அதனால் ஒரு பதிவும் செய்து வைத்தேன். மின்விசிறியை நிறுத்தி, சேலைகள் தொங்கும் அலமாரியின் கதவைத் திறந்து வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து பாடினால் அறையின் எதிரொலி அடங்குகிறது. கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்தபோது “பல்லாங்குழி”, “பாதியிலே”, “பிய்ந்தது” என்னும் இடங்களிலெல்லாம் பகரம் காற்றாக மோதிப் ‘புஸ்’ஸென்று கேட்டது, ஒரு சாண் தள்ளி, கன்னத்தின் பக்கமாகச் சாய்த்து வைத்தவுடன் அது நின்றது. மூன்று முறை பாடியதில் இரண்டாவதை வைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின இரவு, தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது நேரிலும் பாடினேன். எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பாடியிருந்தால் இருவருக்குமே சங்கடமாக இருந்திருக்கும். எண்ணெய் தேய்க்கும்போது அவள் முதுகுதான் எனக்குத் தெரியும். “யார்வருவாரோ” என்ற இடத்தில் அவள், “ரூம்ல நாலு பேராம்மா, இந்தப் பொடி பத்தாது” என்றாள். தோசைச் சரணத்தில், “நான் அப்படிச் சொன்னதே இல்ல, நீயா சொல்லிக்கிட்ட” என்று மறுத்தாள். “கேட்டிருப்பேன்” வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. பல்லாங்குழிக்கு, ஆச்சி நடுவில் சோழியை மாற்றிவிடக் கூடாது என்று உரத்த குரலில் கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். “சரிம்மா” எங்கும் வரவில்லை.

இப்போது பாட்டில் ஒரு சொல் மாறியிருக்கிறது. முதல் சரணத்தின் சிறுசீசா இரயிலில் மூடி தளர்ந்து, இரண்டு சுடிதாரும் ஒரு போர்வையும் நல்லெண்ணெயில் ஊறிவிட்டன. பெட்டி மூடியில் ஒட்டிய தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீபாவளிக்கு வந்து திரும்பியபோது எண்ணெயைத் திருகுமூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தனுப்பினேன். நல்ல வேளையாக டப்பாவும் நெடிலில்தான் முடிகிறது:

எள்ளுப்பொடி ஒருடப்பா – கண்ணே
எண்ணெயொரு சிறுடப்பா